சுண்ணாம்புக்கல் எந்தச் சூட்டில் உடையும்? என்ட்ரோபி, கட்டிலா ஆற்றல் கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்ப்போம்

மேல்நிலை வேதியியலில் இந்தப் பாடத்துக்கு வரும் ஒப்படைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வினையைக் கொடுத்து, அது தன்னிச்சையாக நடக்குமா, நடக்காவிட்டால் எந்த வெப்பநிலைக்கு மேல் நடக்கும் என்று கேட்பார்கள். மாணவர்கள் ΔG = ΔH − TΔS என்ற சமன்பாட்டில் எண்களைப் போட்டு ஒரு விடை எடுத்து, கீழே இரண்டு கோடு இழுத்து முடித்துவிடுவார்கள். அந்த விடை எந்த நிபந்தனைக்கு உரியது என்பதை எழுதுபவர்கள் குறைவு. வருடக்கணக்கில் இந்த ஒப்படைப்புகளைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், மதிப்பெண் கழிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரே ஒரு வினையை எடுத்துக்கொண்டு அடிவரை போய்ப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது. நம் ஊர்க் காளவாயில் கல்லையோ கடற்கரையில் அள்ளிய கிளிஞ்சலையோ கரியோடு அடுக்கி எரிக்கிறார்களே, அதே வினைதான்:

CaCO₃(s) → CaO(s) + CO₂(g)

முதலில், கணக்குப் போடாமல் ஒரு ஊகம்

பேனாவை எடுப்பதற்கு முன் சமன்பாட்டை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு திண்மம் மட்டும். வலப்பக்கம் ஒரு திண்மமும் ஒரு வாயுவும். வாயு புதிதாக உருவாகிறது என்றால் என்ட்ரோபி கூடியே ஆக வேண்டும். ஏனென்றால் படிகத்துக்குள் கட்டுண்டு கிடந்த கார்பனும் ஆக்சிஜனும் இப்போது CO₂ மூலக்கூறாகக் கலத்தின் எந்த மூலைக்கும் போகலாம். அவற்றிடம் உள்ள ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்ளும் வழிகளின் எண்ணிக்கை கற்பனைக்கு எட்டாத அளவுக்குப் பெருகுகிறது. என்ட்ரோபி அளப்பது இந்த வழிகளின் எண்ணிக்கையைத்தான். 'ஒழுங்கின்மை' என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சொல் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் நம்பினால் கலைந்து கிடக்கும் அறையைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு மோல் வாயு கூடினால் ΔS பெரும்பாலும் 150 J/K ஐ ஒட்டி நேர்க்குறியில் வரும். இந்தத் தோராயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடிந்ததும் உங்கள் விடை 15 என்றோ 1500 என்றோ வந்தால், எங்கோ கை தவறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ΔH ஐயும் ஊகிக்கலாம். கல்லைச் சுட விறகோ கரியோ வேண்டும், சும்மா வைத்தால் அது உடைவதில்லை. ஆகவே வெப்பம் கொள் வினை, ΔH நேர்க்குறி. இரண்டும் நேர்க்குறி என்றால் குறைந்த சூட்டில் ΔH மேலோங்கும், கூடிய சூட்டில் TΔS மேலோங்கும். கணக்குத் தொடங்கும் முன்பே விடையின் வடிவம் கையில் வந்துவிட்டது.

அட்டவணையிலிருந்து எண்களை எடுப்பது

298 K வெப்பநிலையில் நமக்கு வேண்டியவை இவை:

CaCO₃(s), கால்சைட்: ΔHf° = −1206.9 kJ/mol, S° = 92.9 J/K mol
CaO(s): ΔHf° = −635.1 kJ/mol, S° = 39.8 J/K mol
CO₂(g): ΔHf° = −393.5 kJ/mol, S° = 213.7 J/K mol

இங்கே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. பல அட்டவணைகளில் CaCO₃ க்கு இரண்டு வரிகள் இருக்கும்: கால்சைட், அரகோனைட். ஒரே வாய்பாடு, வேறு படிக அமைப்பு. அரகோனைட்டின் S° 88.7 தான். எந்த வரியை எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். என்தால்பியை ஒரு வரியிலிருந்தும் என்ட்ரோபியை இன்னொரு வரியிலிருந்தும் எடுத்துவிடாதீர்கள். அட்டவணைக்கு அட்டவணை கடைசி இலக்கம் கொஞ்சம் மாறும், அது பரவாயில்லை. ஆனால் ஒரு கணக்கு முழுவதற்கும் ஒரே அட்டவணையையே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. தனிமங்களுக்கு ΔHf° சுழி. S° சுழி அல்ல. நம் வினையில் தனிமம் எதுவும் இல்லாததால் இங்கே தப்பித்தோம். அடுத்த கேள்வியில் O₂ வரும்போது அதன் S° இடத்தில் 0 போட்டுவிட வேண்டாம். என்ட்ரோபிக்கு அறுதி மதிப்பு உண்டு, அறுதிச் சுழி வெப்பநிலையில் குறையற்ற படிகத்துக்கு மட்டும்தான் அது சுழி.

இப்போது வினைவிளை பொருள்களின் கூடுதலிலிருந்து வினைபடு பொருளைக் கழிக்கிறோம்:

ΔH° = (−635.1) + (−393.5) − (−1206.9) = +178.3 kJ
ΔS° = 39.8 + 213.7 − 92.9 = +160.6 J/K

ஊகித்தபடியே இரண்டும் நேர்க்குறி, ΔS உம் 150 ஐ ஒட்டி. நல்லது.

அலகில் சறுக்குவது

ΔH கிலோஜூலில் இருக்கிறது, ΔS ஜூலில். இதைக் கவனிக்காமல் போட்டால் 178.3 − 298 × 160.6 = −47,680 என்று வரும். சுண்ணாம்புக்கல் அறை வெப்பநிலையிலேயே தானாக உடைகிறது, அதுவும் ஒரு மோலுக்கு நாற்பத்தேழாயிரம் கிலோஜூலைக் கட்டவிழ்த்து! அப்படியானால் கோயில் கோபுரச் சுதையெல்லாம் என்றோ காற்றோடு போயிருக்க வேண்டும். ஒரு மாணவர் இதே தவறைச் செய்து, சமநிலை வெப்பநிலை 1.11 K என்று எழுதி, 'ஆகவே மிகக் குறைந்த வெப்பமே போதும்' என்று விளக்கமும் கொடுத்திருந்தார். விளக்கம் அழகாகத்தான் இருந்தது.

ΔS ஐ ஆயிரத்தால் வகுத்து 0.1606 kJ/K ஆக்கிக்கொள்ளுங்கள். வெப்பநிலை கெல்வினில்தான் இருக்க வேண்டும், 25 என்று போடக்கூடாது.

ΔG° = 178.3 − (298 × 0.1606) = 178.3 − 47.9 = +130.4 kJ

சரியா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. அட்டவணையில் ΔGf° மதிப்புகளும் இருக்கும்: CaCO₃ க்கு −1128.8, CaO க்கு −604.0, CO₂ க்கு −394.4. கூட்டிக் கழித்தால் அதே +130.4 வருகிறது. இந்தச் சரிபார்ப்பை ஒப்படைப்பில் இரண்டு வரியில் எழுதுங்கள். ஆனால் 298 K தவிர வேறு வெப்பநிலைக்கு ΔGf° மதிப்புகளை அப்படியே பயன்படுத்த முடியாது, அவை 298 K க்கு மட்டுமே உரியவை.

என்ட்ரோபி கூடியும் ஏன் நடக்கவில்லை?

பலர் தடுமாறும் இடம் இது. 'என்ட்ரோபி கூடும் வினை தன்னிச்சையானது' என்று எங்கோ பாதி படித்த நினைவு இருக்கும். இங்கே ΔS +160.6, ஆனாலும் வினை நடக்கவில்லை. என்ன காரணம்?

இரண்டாம் விதி கேட்பது அமைப்பின் என்ட்ரோபியை மட்டும் அல்ல, அமைப்பும் சுற்றுப்புறமும் சேர்ந்த மொத்தத்தை. கல் உடைய 178.3 kJ வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சுகிறது. அதனால் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி குறைகிறது:

ΔS(சுற்றுப்புறம்) = −178300 / 298 = −598.3 J/K
ΔS(மொத்தம்) = 160.6 − 598.3 = −437.7 J/K

வரவு 160, செலவு 598. மொத்தத்தில் நஷ்டம், ஆகவே நடக்காது. இந்த −437.7 ஐ −298 ஆல் பெருக்கிப் பாருங்கள். +130,400 J, அதாவது மேலே வந்த அதே ΔG°. கட்டிலா ஆற்றல் என்பது வேறு ஏதோ புதுச் சரக்கு இல்லை. மொத்த என்ட்ரோபிக் கணக்கையே, சுற்றுப்புறத்தை எட்டிப் பார்க்காமல், அமைப்பின் அளவுகளை மட்டும் வைத்துப் போடுவதற்கு கிப்ஸ் கொடுத்த வழி அது. வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதிருக்கும்போதுதான் அது செல்லும். இந்த நிபந்தனையையும் எழுதுங்கள்.

வெப்பநிலை எப்படி முடிவை மாற்றுகிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. அதே 178.3 kJ ஐச் சூடான சுற்றுப்புறத்திலிருந்து எடுத்தால், வகுக்கும் T பெரிதாக இருப்பதால் அங்கே ஏற்படும் என்ட்ரோபி இழப்பு சிறிதாகிறது. இருப்பவனிடம் நூறு ரூபாய் வாங்குவதற்கும் இல்லாதவனிடம் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் போல. 1200 K இல் இழப்பு 148.6 மட்டுமே, வரவு 160.6. இப்போது லாபம்.

மாறும் வெப்பநிலை

ΔG° = 0 ஆகும் இடத்தைக் கண்டுபிடிக்க:

T = ΔH° / ΔS° = 178300 / 160.6 = 1110 K, அதாவது 837 °C

வரைபடமும் கேட்டிருந்தால் நாலைந்து புள்ளிகள் போதும். 298 K இல் +130.4, 800 K இல் +49.8, 1000 K இல் +17.7, 1200 K இல் −14.4. இவற்றை இணைத்தால் கீழ்நோக்கிச் சாயும் நேர்கோடு. அதன் சாய்வு −ΔS°, அது ΔG அச்சை வெட்டும் இடம் ΔH°.

பெரும்பாலான விடைத்தாள்கள் இங்கே நின்றுவிடும். ஆனால் சுண்ணாம்புக்கல்லின் மேல் CO₂ வின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தைத் தொடுவது, சோதனையில் அளந்தால், 900 °C ஐ ஒட்டித்தான். நம் கணக்கு அறுபது டிகிரி போலக் குறைவாகச் சொல்கிறது. கணக்கில் தவறில்லை. 298 K இல் எடுத்த ΔH°, ΔS° இரண்டும் 1110 K வரை மாறாமல் இருக்கும் என்று நாம் அனுமானித்தோம். வெப்ப ஏற்புத்திறன் வேறுபாட்டால் இரண்டுமே மெல்லக் குறைகின்றன. விகிதத்தில் பார்த்தால் ΔS° இன் குறைவு கூடுதல், அதனால் உண்மையான T சற்று மேலே போகிறது. 'ΔH°, ΔS° வெப்பநிலையோடு மாறவில்லை என்று கொண்டால்' என்ற ஒரு வரியும், அதன் விளைவாக எந்தப் பக்கம் பிழை விழும் என்ற இன்னொரு வரியும் எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். 1110.2 K என்று தசமம் போட்டு எழுதுவது இந்த அனுமானத்துக்குப் பிறகு பொருளற்றது.

ΔG° வேறு, ΔG வேறு

அந்தச் சின்ன வட்டம் வெறும் அலங்காரம் இல்லை. ΔG° என்றால் CO₂ 1 பார் அழுத்தத்தில் இருக்கும்போது என்று பொருள். காளவாயில் புகை மேலே போய்க்கொண்டே இருக்கிறது, காற்று கீழிருந்து உள்ளே வருகிறது. அங்கே CO₂ வின் பகுதி அழுத்தம் 1 பார் இல்லை. அப்போது பயன்படுத்த வேண்டியது:

ΔG = ΔG° + RT ln Q

திண்மங்கள் Q வில் வரமாட்டா. ஆகவே Q என்பது CO₂ வின் பகுதி அழுத்தம் மட்டுமே, பாரில்.

1000 K (727 °C) எடுத்துக்கொள்வோம். ΔG° = +17.7 kJ. RT = 8.314 kJ. காற்றோட்டம் நன்றாக இருந்து CO₂ 0.05 பார் மட்டும் என்றால்:

ΔG = 17.7 + 8.314 × ln(0.05) = 17.7 − 24.9 = −7.2 kJ

ΔG° நேர்க்குறி, ΔG எதிர்க்குறி. கல் உடையும். அதே சூட்டில் காற்றோட்டம் அடைபட்டு, எரியும் கரியின் புகையும் சேர்ந்து CO₂ 0.25 பாராக ஏறினால், 17.7 − 11.5 = +6.2 kJ. கல் உடையாது. சூடு மாறவே இல்லை, புகை போகும் வழி மட்டும் மாறியது.

எந்த அழுத்தத்தில் நிற்கும்? ΔG = 0 என்று வைத்தால் ln K = −17.7/8.314 = −2.13, K = 0.12. அதாவது மூடிய கலத்தில் 1000 K இல் கல் உடைந்துகொண்டே வந்து, CO₂ 0.12 பார் ஆனதும் நின்றுவிடும். மேலே கண்ட 0.05 இதற்குக் கீழே, 0.25 இதற்கு மேலே. குறிகள் ஏன் அப்படி வந்தன என்பது இதோடு பொருந்திப் போகிறது.

இதே முறையில் 298 K க்கு K கண்டால் 10⁻²³ அளவில் வரும். 'ΔG° நேர்க்குறி, ஆகவே வினை நடக்கவே நடக்காது' என்று எழுதுவதைவிட, 'சமநிலையில் CO₂ அழுத்தம் 10⁻²³ பார் அளவே இருக்கும்' என்று எழுதுவது சரியானது. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் 1000 K இல் அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றல்ல என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

திறந்த வெளிக்காற்றில் CO₂ சுமார் 0.0004 பார். அதைப் போட்டு T ஐக் கண்டால்:

T = ΔH° / (ΔS° − R ln Q) = 178300 / (160.6 + 65.0) ≈ 790 K, சுமார் 517 °C

அப்படியானால் 520 டிகிரியில் கல்லை வைத்தால் சுண்ணாம்பு கிடைக்குமா? திசை சரி, வேகம் இல்லை. கட்டிலா ஆற்றல் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் சொல்லும், எப்போது போய்ச் சேரும் என்று சொல்லாது. கல்லின் மேற்பரப்பில் உருவாகும் CO₂ வெளியேற வேண்டும், வெப்பம் கல்லின் நடுவரை போக வேண்டும். பெரிய கல்லாக இருந்தால் உள்ளே CO₂ தேங்கி அங்கே மட்டும் அழுத்தம் ஏறிவிடும். அதனால்தான் காளவாயை 900 டிகிரிக்கு மேல் வைக்கிறார்கள், கல்லையும் ஒரே அளவாக உடைத்துப் போடுகிறார்கள். உடைத்துப் பார்த்தால் நடுவில் சுடாத கல் இருப்பது சூடோ நேரமோ போதவில்லை என்பதற்கு அடையாளம்.

எதிர்த்திசையில் ஒரு சோதனை: சுண்ணாம்பு நீற்றுதல்

ஒப்படைப்பில் இரண்டாவது எடுத்துக்காட்டு கேட்டால் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றுவதை எடுங்கள். கல் வெடித்து, ஆவி பறந்து, பொடியாகும் காட்சி பலருக்கும் தெரியும்.

CaO(s) + H₂O(l) → Ca(OH)₂(s)

ΔH° = −65.2 kJ, ΔS° = −26.3 J/K. இங்கே அமைப்பின் என்ட்ரோபி குறைகிறது, இருந்தும் வினை சீறிக்கொண்டு நடக்கிறது. வெளிவரும் வெப்பம் சுற்றுப்புறத்துக்கு 65200/298 = +218.8 J/K தருகிறது. மொத்தம் +192.5. ΔG° = −57.4 kJ. முதல் வினைக்கு நேர் எதிரான கதை, அதே கணக்கு.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே மாணவனாக இருந்தபோது விழுந்தேன். 'எந்த வெப்பநிலைக்கு மேல் இந்த வினை திரும்பும்?' என்று கேட்டால் கை தானாக 65200/26.3 போட்டு 2480 K என்று எழுதிவிடும். ஆனால் 2480 K இல் திரவத் தண்ணீர் எங்கே இருக்கிறது? 1 பார் அழுத்தத்தில் 100 °C தாண்டினால் அது நீராவி. நீராவிக்கு உரிய மதிப்புகளைப் போட்டால் ΔH° = −109.2 kJ, ΔS° = −145.2 J/K. விடை 752 K, அதாவது 479 °C. நீற்றிய சுண்ணாம்பு உண்மையில் தன் நீரை இழப்பது 500 °C ஐ ஒட்டி. 2480 எங்கே, 752 எங்கே! T கண்டதும் அந்தச் சூட்டில் ஒவ்வொரு பொருளும் நீங்கள் எழுதிய நிலையில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

முடிவு வாக்கியத்தை எழுதும் விதம்

'வினை தன்னிச்சையற்றது' என்று மட்டும் எழுதாதீர்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: '298 K இல், CO₂ 1 பார் அழுத்தத்தில், ΔG° = +130.4 kJ. ஆகவே கால்சைட் சிதைவது தன்னிச்சையாக நிகழாது, எதிர்வினையே தன்னிச்சையானது. ΔH°, ΔS° மாறாதவை எனக் கொண்டால் சுமார் 1110 K க்கு மேல் சிதைவு தன்னிச்சையாகும். CO₂ அழுத்தம் குறைந்தால் இந்த வெப்பநிலையும் குறையும்.'

'எதிர்வினையே தன்னிச்சையானது' என்று எழுதியதும் ஒரு கேள்வி வரலாம், வாய்மொழித் தேர்வில் கேட்பதும் உண்டு: சுட்ட சுண்ணாம்பைக் காற்றில் வைத்தால் உடனே கல்லாக மாறுமா? வெளிக்காற்றின் 0.0004 பார் CO₂ க்குக் கணக்குப் போட்டாலும் எதிர்வினையின் ΔG சுமார் −111 kJ வருகிறது. ஆனாலும் உலர்ந்த சுண்ணாம்பும் உலர்ந்த CO₂ வும் அறை வெப்பநிலையில் மிக மெதுவாகத்தான் வினைபுரியும். சாக்கில் கட்டி வைத்த சுண்ணாம்பு சில வாரத்தில் பூத்துப் பொடியாவதற்கு முதல் காரணம் காற்றின் ஈரம். முதலில் அது நீறும், அப்புறம்தான் அந்த ஈரத்தின் வழியாக CO₂ உள்ளே புகுந்து மெல்ல மெல்லக் கார்பனேட்டாக மாற்றும்.